ஏறி இறங்கும் இருப்புக்கு ஃப்ளோட்டர் டிக்ளரேஷன் பாலிசி: எவ்வளவு திரும்பும், எங்கே சிக்கும்

கேள்வி: பண்ணைக்காட்டில் காபியும் மிளகும் வாங்கி விற்கிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வத்தலக்குண்டு மூன்று ஊரிலும் குடோன் இருக்கிறது. மார்ச்சில் இரண்டேகால் கோடிக்கு மேல் சரக்கு நிற்கும். அக்டோபரில் நாற்பது லட்சம் இருந்தாலே அதிகம். ஏஜென்ட் ஃப்ளோட்டர் டிக்ளரேஷன் பாலிசி எடுக்கச் சொல்கிறார். மாதாமாதம் இருப்பை எழுதிக் கொடுத்தால் ஆண்டு முடிவில் பணம் திரும்பும் என்கிறார். எவ்வளவு திரும்பும்? கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுத்தால் பிரீமியம் இன்னும் குறையுமா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறையாது. உங்கள் அளவில் இருக்கும் வியாபாரத்துக்குக் குறைத்து எழுதிக் கொடுப்பதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. நஷ்டம் வந்தால் மட்டும் அந்தக் குறைப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஏன் என்பது முதல் கேள்விக்கான கணக்கைப் போட்டால் தானே தெரியும்.

ஏஜென்ட் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட பெயருக்குள் இரண்டு தனித்தனி வசதிகள் இருக்கின்றன. ஃப்ளோட்டர் என்பது இடம் மாறும் சரக்குக்கு. மூன்று குடோனுக்கும் சேர்த்து ஒரே காப்பீட்டுத் தொகை. இன்று எந்தக் குடோனில் எவ்வளவு கிடக்கிறது என்பதைப் பற்றி நிறுவனம் கவலைப்படாது. டிக்ளரேஷன் என்பது அளவு மாறும் சரக்குக்கு. ஆண்டில் எப்போதாவது தொடக்கூடிய உச்ச மதிப்புக்குப் பாலிசி எடுத்து, அதற்கான முழுப் பிரீமியத்தையும் முன்கூட்டியே கட்டுகிறீர்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று அறிவிக்கிறீர்கள். ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டு அறிவிப்புகளின் சராசரிக்குரிய பிரீமியத்தை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். ஆனால் திருப்பித் தருவதற்கு ஒரு வரம்பு உண்டு. ஏஜென்ட்கள் பெரும்பாலும் அந்த வரம்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வகைப் பாலிசிகளின் அடிப்படை 2001-ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீக் காப்பீட்டுக் கட்டண விதிகளில் இருக்கிறது. கட்டணக் கட்டுப்பாடு 2007-இல் விலகிவிட்டது; ஆனாலும் டிக்ளரேஷன் பாலிசிகளின் வாசகத்தில் அந்த விதிகளின் எலும்புக்கூட்டை இன்றும் பார்க்கலாம். அதன்படி, வெறும் டிக்ளரேஷன் பாலிசி என்றால் கட்டிய பிரீமியத்தில் பாதி வரை திரும்பலாம். ஃப்ளோட்டரும் டிக்ளரேஷனும் சேர்ந்தால் 80 சதவீதத்தை நிறுவனம் எப்படியும் வைத்துக்கொள்ளும். அதிகபட்சம் 20 சதவீதமே திரும்பும். ஃப்ளோட்டர் டிக்ளரேஷனுக்குக் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை 2 கோடி. நிறுவனம் தன் வாசகத்தில் வேறு விகிதம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும் என்பதால், கையெழுத்துப் போடும் முன் திருப்பித் தரும் வரம்பு எத்தனை சதவீதம் என்ற ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. உங்கள் எண்ணிக்கையை ஒட்டி நானே ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். உச்சம் 230 லட்சம் என்பதால் 240 லட்சத்துக்குப் பாலிசி, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிரீமிய விகிதம் ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்கான எண், சந்தை விகிதம் அல்ல. ஃப்ளோட்டர் என்றால் குடோன்களில் எதற்கு விகிதம் அதிகமோ அதையே எல்லாவற்றுக்கும் போட்டு, அதன் மேல் 10 சதவீதம் கூட்டுவது பழைய விதி. ஆக ஆயிரத்துக்கு 2.20. முன்கூட்டிக் கட்ட வேண்டியது 52,800 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

ஏப்ரலில் 210 லட்சம். மே, ஜூன், ஜூலையில் சரக்கு இறங்கி 180, 140, 100 ஆகிறது. ஆகஸ்ட் 70, செப்டம்பர் 50, அக்டோபர் 40. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கி 60. டிசம்பர் 110, ஜனவரி 160. மிளகும் சேர்ந்து பிப்ரவரியில் 210, மார்ச்சில் 230. மொத்தம் 1,560 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 130 லட்சம்.

130 லட்சத்துக்கு 2.20 வீதம் 28,600 ரூபாய்தான் உண்மையான பிரீமியம். கட்டியது 52,800. வித்தியாசம் 24,200. இந்த முழுத் தொகையும் திரும்பும் என்று நினைத்துத்தான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் 52,800-இல் 20 சதவீதம் 10,560. அதற்கு மேல் வராது. ஆண்டு முடிவில் உங்கள் நிகரச் செலவு 42,240.

இனி குறைத்து எழுதும் யோசனையைப் பாருங்கள். சராசரி எப்போது 192 லட்சத்துக்குக் கீழே இறங்குகிறதோ, அதாவது 240-இல் 80 சதவீதத்தைத் தொடுகிறதோ, அப்போதே உங்களுக்கு வர வேண்டிய அதிகபட்சம் வந்துவிட்டது. உங்கள் உண்மையான சராசரியே 130. அதை 100 என்று காட்டினாலும் 10,560தான். 60 என்று காட்டினாலும் 10,560தான். மாறாகக் கொஞ்சம் தாராளமாக, மாதத்தின் சராசரிக்குப் பதில் மாதத்தின் உச்ச மதிப்பையே அறிவித்தாலும் உங்கள் ஆண்டுச் சராசரி 192-ஐத் தாண்டப் போவதில்லை. அறிவிப்பை மாதச் சராசரியின்படி செய்வதா, மாத உச்சத்தின்படி செய்வதா என்பதைப் பாலிசி தொடங்கும்போது தேர்ந்துகொள்ளலாம். உங்களைப் போல இருப்பு ஏகமாக ஏறி இறங்குபவர்கள் உச்சத்தைத் தேர்வது நல்லது என்பது என் கருத்து. செலவு ஒரு பைசாகூட அதிகமாகாது. தினசரிச் சராசரி போடும் வேலையும் மிச்சம்.

நஷ்டம் வந்தால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டிக்ளரேஷன் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு: நஷ்டத்துக்கு முன் கடைசியாக அறிவித்த தொகை, அறிவித்திருக்க வேண்டிய தொகையைவிடக் குறைவு என்று தெரிந்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். ஜனவரிக்கு 160 லட்சம் அறிவித்திருக்க வேண்டும். நீங்கள் 120 என்று எழுதினீர்கள். மார்ச் முதல் வாரத்தில், பிப்ரவரிக் கணக்கை இன்னும் கொடுக்காத நிலையில், பண்ணைக்காடு குடோனில் மின்கசிவால் தீப்பிடித்து பழத்தோல் நீக்கிக் காயவைத்த பார்ச்மென்ட் காபி 40 லட்சம் ரூபாய்க்குப் போய்விட்டது. 40 லட்சத்தில் 120/160, அதாவது 30 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலிருந்து வழக்கமான பிடித்தங்கள் வேறு. பிரீமியத்தில் எதுவுமே மிச்சமாகாத ஒரு குறைப்புக்காகப் பத்து லட்சம் போகிறது.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஒப்பிடுவது கடைசி மாத அறிவிப்பையும் தீப்பிடித்த நாளின் இருப்பையும் அல்ல. டிசம்பரில் முதல் பத்து நாள் 70 லட்சம், அடுத்த பத்து நாள் 110, கடைசிப் பதினோரு நாள் 150 என்று இருந்தால் மாதச் சராசரி சுமார் 111 லட்சம். சராசரி அடிப்படையில் அதை அறிவித்திருக்கிறீர்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி தீப்பிடிக்கும்போது குடோன்களில் 170 லட்சம் இருந்தாலும், டிசம்பரின் அறிவிப்பு டிசம்பருக்குச் சரியாக இருந்தால் அந்த நிபந்தனையின் கீழ் ஒன்றும் வெட்டப்படாது. பறிப்புக் காலத்தில் இருப்பு நாளுக்கு நாள் ஏறும் வியாபாரிக்கு இந்தப் பாலிசியின் பெரிய அனுகூலம் இதுதான்.

நஷ்ட நாளின் இருப்பை ஒப்பிடுவது வேறொன்றுடன்: மொத்தக் காப்பீட்டுத் தொகையுடன். அன்று மூன்று குடோனிலும் சேர்த்து 240 லட்சத்துக்குள் இருந்தால் கவலையில்லை. விலை ஏறி, அதே மூட்டைகளின் மதிப்பு 300 லட்சம் ஆகியிருந்தால் 40 லட்சம் நஷ்டத்துக்கு 240/300 வீதம் 32 லட்சம்தான் கணக்கு. காபி விலை ஓர் ஆண்டுக்குள் எப்படிப் பாயும் என்பதை அண்மை ஆண்டுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வாங்கிய விலையில் புத்தகம் எழுதிவிட்டு அதையே டிக்ளரேஷனிலும் போடுகிறவர்கள் அகப்படுவது இங்கேதான். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை டிக்ளரேஷனில் எழுத வேண்டியது சந்தை மதிப்பு. செர்ரியை அப்படியே காயவைத்த மூட்டைக்கு ஒரு விலை, பார்ச்மென்ட் மூட்டைக்கு ஒரு விலை, மிளகுக்கு ஒரு விலை என்று பிரித்து, எந்த நாளின் எந்தச் சந்தை விலை என்பதையும் கீழே எழுதுங்கள்.

2021 ஏப்ரலிலிருந்து ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுப் பாலிசி வந்திருக்கிறது. காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் அதில் பொருட்படுத்துவதில்லை. உங்களுக்கும் இந்தப் பாலிசியின் மேல்தான் ஃப்ளோட்டர், டிக்ளரேஷன் வாசகங்களை இணைத்துத் தருவார்கள் என்றால், 15 சதவீதச் சலுகை இணைப்புக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தலையாட்டியது, நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முன் சாட்சியாகாது. மேலே சொன்ன உதாரணத்தில் குறைவு 20 சதவீதம் என்பதால் சலுகை இருந்தாலும் காப்பாற்றாது.

விலை ஏறுகிறது என்று தெரிந்தால் ஆண்டு நடுவில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தலாம். ஒரு கடிதம், மீதி நாட்களுக்குரிய கூடுதல் பிரீமியம், பாலிசியில் மாற்றத்தைப் பதியும் ஓர் எண்டார்ஸ்மென்ட், அவ்வளவுதான். இறக்க முடியாது, டிக்ளரேஷன் பாலிசியில் எந்தக் காரணத்துக்காகவும் தொகையைக் குறைக்க அனுமதியில்லை. அதனால் தொடக்கத்திலேயே பயந்து 4 கோடிக்கு எடுத்துவைப்பது புத்திசாலித்தனம் அல்ல. 20 சதவீதம்தான் திரும்பும் என்பதால் மிகையாக எடுத்த ஒவ்வொரு லட்சத்துக்கும் 80 சதவீதப் பிரீமியம் வீணாகத்தான் போகும். உச்ச மாதத்துக்குச் சற்று மேலே எடுத்து, பிப்ரவரியில் விலையைப் பார்த்து உயர்த்துங்கள்.

இந்த இடத்தில் வேறு வழிகளையும் ஒப்பிட்டுவிடலாம். மூன்று குடோனுக்கும் தனித்தனித் தொகை வைத்து வெறும் டிக்ளரேஷன் பாலிசி எடுக்கலாம். ஓர் இடத்திலாவது 1 கோடி, மற்ற இடங்களில் 25 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. பண்ணைக்காட்டின் உச்சம் 90 லட்சம், தாண்டிக்குடி 60, சரக்கு கீழே இறங்கியபின் வத்தலக்குண்டு 190 என்று வைத்தால் மொத்தம் 340 லட்சம். கூடுதல் 10 சதவீதம் கிடையாது. ஆயிரத்துக்கு 2 வீதம் 68,000 கட்ட வேண்டும். ஆனால் பாதி வரை திரும்பும். சராசரி அதே 130 லட்சம் என்றால் வரம்பு முழுவதும் கிடைத்து 34,000 கைக்கு வரும். நிகரச் செலவு 34,000. ஃப்ளோட்டர் டிக்ளரேஷனைவிட 8,240 ரூபாய் குறைவு!

அப்படியிருந்தும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த எட்டாயிரத்தைக் கொடுத்துவிடுவேன். பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து லாரி இறங்க முடியாமல் பத்து நாள் நின்றால், வத்தலக்குண்டுக்குப் போக வேண்டிய சரக்கெல்லாம் பண்ணைக்காட்டில் குவியும். 90 லட்சத்துக்குக் காப்பீடு செய்த குடோனில் 130 லட்சம் கிடக்கும். அதே மழையில் அந்தக் குடோனுக்கே ஏதாவது ஆனால் தனித்தனிப் பாலிசியில் அங்கே 40 லட்சம் காப்பீடு இல்லாமல் நிற்கிறது. வத்தலக்குண்டில் காலியாக இருக்கும் 190 லட்சம் உதவிக்கு வராது. சரக்கு ஒரே ஊரில் இருந்து அளவு மட்டும் மாறும் வியாபாரிக்கு வெறும் டிக்ளரேஷன் போதும், அதுவே மலிவு. மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே சரக்கை நகர்த்துபவருக்கு ஃப்ளோட்டர்தான் பொருத்தம்.

உச்சமே ஒரு கோடி, ஒன்றேகால் கோடி என்றிருக்கும் சிறிய வியாபாரிகளும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு டிக்ளரேஷன் பேச்சே வேண்டாம். சரக்கு வடிந்த ஜூலையில் சிறிய தொகைக்குச் சாதாரண ஃப்ளோட்டர் எடுத்து, டிசம்பரில் உயர்த்திக்கொண்டால் நாள்கணக்கில்தான் கூடுதல் பிரீமியம் வரும். மாத அறிவிப்பு என்ற தலைவலியும் இல்லை. உயர்த்த மறந்தால் மட்டும் யாரும் காப்பாற்ற முடியாது.

உங்கள் பாலிசியில் இடங்களின் பட்டியலைக் கவனமாக எழுதுங்கள். ஃப்ளோட்டர் என்றால் எங்கே வைத்தாலும் செல்லும் என்ற எண்ணம் தவறு. பட்டியலில் முகவரியோடு இருக்கும் இடங்களுக்கு மட்டுமே செல்லும். பறிப்புக் காலத்தில் ஒரு மாதத்துக்கு என்று வாடகைக்கு எடுக்கும் கூடம், பட்டிவீரன்பட்டி கியூரிங் ஆலையில் கிடக்கும் உங்கள் மூட்டைகள் இரண்டும் பட்டியலில் இல்லாவிட்டால் பாதுகாப்பில்லை. ஆலையில் இன்னொரு சிக்கலும் உண்டு: டிக்ளரேஷன் பாலிசி சேமிப்பில் இருக்கும் சரக்குக்குத்தான், பதப்படுத்தலில் இருக்கும் சரக்கு அதில் வராது. களத்தில் காயும் காபியும் இயந்திரத்தில் ஓடும் காபியும் அந்த வகை. அதற்குத் தனியாக ஒரு நிலையான தொகை வைத்துக்கொள்ள வேண்டும். மலைப்பாதையில் லாரியில் இருக்கும் சரக்கும் எந்த முகவரியிலும் இல்லாத சரக்குதான். அதற்குப் போக்குவரத்துக் காப்பீடு வேறு.

பட்டியலில் ஓர் இடத்தைச் சேர்க்கும்முன் அதன் கூரையையும் சுவரையும் பாருங்கள். பலகைச் சுவர், ஓலைக் கூரை, தார்ப்பாய் போர்த்திய கொட்டகை இவற்றைக் காப்பீட்டில் கச்சாக் கட்டடம் என்பார்கள். விகிதம் மிக அதிகம். ஃப்ளோட்டரில் உச்ச விகிதமே எல்லா இடத்துக்கும் என்பதால், ஐந்து லட்சம் சரக்குக்காகத் தாண்டிக்குடியில் ஒரு பலகைக் கொட்டகையைச் சேர்த்தீர்கள் என்றால் வத்தலக்குண்டு கான்கிரீட் குடோனின் சரக்குக்கும் அந்த விகிதத்தில் கட்ட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தை ஃப்ளோட்டருக்கு வெளியே தனிப் பாலிசியில் வைப்பது நல்லது.

அடுத்தது மாத அறிவிப்பு. ஒரு மாதத்தின் அறிவிப்பை அடுத்த மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த மாதத்துக்கு முழுக் காப்பீட்டுத் தொகையும் இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அக்டோபரின் 40 லட்சம் அப்போது 240 லட்சம் ஆகிவிடும். ஆண்டுக் கூட்டுத்தொகையில் 200 லட்சம் ஏறும். உங்கள் கணக்கில் இதனால் 3,667 ரூபாய் வித்தியாசம். ஆனால் மேலே சொன்ன 24,200-க்கும் 10,560-க்கும் நடுவே நிறைய இடைவெளி இருப்பதால், அக்டோபர் மாதிரி ஓரிரு மாதம் தவறினாலும் உங்களுக்குத் திரும்பும் தொகை குறையாது. வெறும் டிக்ளரேஷனில் வரம்பு 50 சதவீதம் என்பதால் அங்கே தவறும் மாதங்கள் கையைக் கடிக்கலாம். ஆனால் பணம் குறையாது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நஷ்டம் வரும்போது தேடுவது கடைசி அறிவிப்பைத்தான். அது மூன்று மாதப் பழையது என்றால் சர்வேயரின் முதல் சந்தேகமே அங்கிருந்து தொடங்கும்.

மறந்துவிடும் மாதம் பெரும்பாலும் கடைசி மாதம். மார்ச் 31-உடன் பாலிசி முடிந்து புதுப் பாலிசி ஓடத் தொடங்கியிருக்கும். பழைய பாலிசிக்கு மார்ச் கணக்கை ஏப்ரல் முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்பது நினைவில் இருக்காது. பன்னிரண்டும் கைக்கு வந்தபிறகுதான் நிறுவனம் கணக்கை முடித்துப் பணம் திருப்பித் தரும் எண்டார்ஸ்மென்ட் போடும். அவர்களாக நினைவூட்டுவார்கள் என்று காத்திருக்காமல் மே முதல் வாரத்தில் நீங்களே கடிதம் கொடுங்கள். அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பிக் கிளையின் ஒப்புதல் பதிலையும் சேர்த்து வைத்திருங்கள்; ஏஜென்டின் வாட்ஸாப்புக்கு அனுப்பியது நிறுவனத்துக்குக் கொடுத்ததாக ஆகாது.

வங்கியில் கேஷ் கிரெடிட் வைத்திருந்தால் அங்கேயும் மாதாமாதம் இருப்புக் கணக்கு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். கடன் வரம்பு குறையாமல் இருக்க வங்கிக்கு 180 லட்சம், பிரீமியம் குறையும் என்று நம்பி காப்பீட்டுக்கு 120 லட்சம் என்று எழுதிக் கொடுப்பது கடைவீதிகளில் சாதாரணம். தீ அணைந்த மறுநாள் சர்வேயர் கேட்கும் முதல் காகிதங்களில் வங்கி இருப்புக் கணக்கும் ஒன்று. எது பொய் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் அடிதான். நியாயமான வித்தியாசம் இருக்கலாம்: வங்கிக்கு மாதக் கடைசி நாளின் இருப்பு, காப்பீட்டுக்கு மாதச் சராசரி அல்லது உச்சம். அந்த வித்தியாசத்தை அரைப் பக்கத்தில் விளக்கி அந்தந்த மாதமே கோப்பில் வையுங்கள்.

மலையில் மட்டும் அதிகம் பார்க்கும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தோட்டக்காரர்கள் விலை முடிக்காமல் மூட்டையை உங்கள் குடோனில் இறக்கிவிட்டு, ‘விலை ஏறட்டும், பிறகு முடித்துக்கொள்ளலாம்’ என்று போவார்கள். அந்த மூட்டை உங்களுடையது அல்ல. பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பது பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டால்தான் காப்பீட்டில் வரும். குறிப்பிட்டால் அதன் மதிப்பையும் மாத அறிவிப்பில் சேர்க்க வேண்டும். காப்பீட்டுத் தொகையும் அதைத் தாங்க வேண்டும். குறிப்பிடாவிட்டால் அந்த மூட்டைகளைத் தனி அடுக்காக வைத்து, தோட்டக்காரர் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதுங்கள். கலந்து கிடந்தால் நஷ்டத்தின்போது எது யாருடையது என்ற தகராறில் உங்கள் கோரிக்கையும் சேர்ந்து முடங்கும்.

நஷ்டம் நடந்துவிட்டால் எரிந்த குடோனோடு வேலை முடியாது. ஃப்ளோட்டரில் மூன்று இடத்தின் மொத்த இருப்பையும் காப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட வேண்டும் என்பதால் தாண்டிக்குடியிலும் வத்தலக்குண்டிலும் சர்வேயர் மூட்டை எண்ணுவார். அன்றே அந்த இரண்டு குடோனிலும் இருப்பை எண்ணி, பதிவேட்டில் கோடு போட்டுக் கையெழுத்திட்டு, படம் எடுத்து வையுங்கள். சர்வேயர் வரும்வரை சரக்கு ஏற்றி இறக்க வேண்டியிருந்தால் பில்லோடு மட்டும் செய்யுங்கள்.

மண்சரிவு சாதாரணத் தீக் காப்பீட்டுப் பாலிசியிலேயே அடங்கிய ஆபத்துதான். தனியாகக் கேட்டு வாங்கத் தேவையில்லை. ஆனால் இயற்கைச் சீற்ற நஷ்டங்களில் கோரிக்கையில் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய், உங்கள் பங்காகக் கழிப்பது பழைய வழக்கம். குடோனின் தரை மெதுவாக இறங்கிச் சுவர் விரிசல் விட்டதையோ, மழைக்காலத்து ஈரத்தில் காபி பூசணம் பிடித்ததையோ மண்சரிவுக் கணக்கில் எழுத முடியாது. சாதாரணத் திருட்டும் இந்தப் பாலிசியில் வராது. அதற்குத் திருட்டுக் காப்பீடு வேறு.

இழப்பீடு கொடுத்தபிறகு காப்பீட்டுத் தொகை 240-இலிருந்து 200 லட்சமாகக் குறைந்துவிடாமல் தானாகவே பழைய அளவுக்கு ஏற்றப்படும். அதற்கு, இழப்பீட்டுத் தொகையின் மேல் நஷ்ட நாள் முதல் பாலிசி முடியும்வரை கூடுதல் பிரீமியம் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கூடுதல் பிரீமியம் ஆண்டு முடிவுச் சராசரிக் கணக்கில் சேராது. அதில் எதுவும் திரும்பாது. கோரிக்கைக் கணக்குத் தாளில் இந்தப் பிடித்தம் ஒரு வரியாக இருக்கும். ஆண்டு முடிவில் திரும்ப வேண்டிய தொகையைச் சரிபார்க்கும்போது அதைத் தொடக்கத்தில் கட்டிய 52,800-உடன் கூட்டிவிடாமல், 52,800-க்கு மட்டுமே 20 சதவீதம் போட்டுப் பாருங்கள்.